வரவும் நன்றியும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், பிறர் அனுப்பும் இரும்பைக் கடைந்து கூலிக்குக் கொடுக்கும் ஒரு தனிமனிதரின் லேத் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் வாடிக்கையாளரான கம்பெனி, கூலி ரூ.50,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.9,000 என்று பட்டறை போட்ட பில்லுக்கு, வழக்கமாக ரூ.58,500 அனுப்பிவிடும். குறைகின்ற ஐந்நூறு, கூலியில் ஒரு சதவீதமாகப் பிடிக்கப்பட்ட டி.டி.எஸ்.; அது பட்டறைக்காரர் பெயரிலேயே அரசாங்கத்தில் வரவாகிவிடும். ஆகவே, ‘ரூ.58,500 கிடைத்தது, டி.டி.எஸ். ரூ.500, பில் முழுதும் தீர்ந்தது’ என்று எழுதுவதே உண்மையான ரசீது. ஐந்நூறைப் பாக்கியாக நிறுத்துவது அநியாயம், ரூ.59,000 பெற்றதாக எழுதுவதோ பொய்.

இதுவரை சங்கடமில்லை, தொகையே தன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு மாதம் அதே கம்பெனியிடமிருந்து ஒரு வார்த்தை விவரமுமின்றி வெறும் ரூ.50,000 வந்து சேரும்போதுதான் தர்மசங்கடம் பிறக்கிறது. ஏனெனில் அதே தொகைக்கான இந்த மாதப் பில்லைத் தவிர, மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட ரூ.12,000 பில் ஒன்றும் நிலுவையிலிருக்கிறது. துளையின் அளவு பிசகிவிட்டதென்று கம்பெனி அதை மறுத்து நிறுத்தி வைத்தது. அதற்கு வழக்குத் தொடுக்கும் காலக்கெடுவும் கடந்துவிட்டது.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, எந்தக் கடனுக்கென்று சொல்லும் முதல் உரிமை பணம் கொடுப்பவனுடையது. அவன் சொல்லாவிட்டால், சூழ்நிலையும் எதையும் காட்டாவிட்டால், பெறுபவன் தன் விருப்பப்படி, காலக்கெடு கடந்த கடனுக்கும்கூட, வரவு வைக்கலாம். இருவருமே செய்யாதபோது பழைய கடன் முதலில் கழியும். கோர்ட்டில் கேட்க முடியாத பன்னிரண்டாயிரத்தை, ‘மிக்க நன்றி’ என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்தி ஒன்றின் இரண்டாம் வரியில் பெற்றுவிடும் வழி இவ்வாறு பட்டறைக்காரருக்குத் திறக்கிறது. அவரும் ஏமாற்றுக்காரர் அல்லர். உழைத்த கூலிதான் அது என்று அவர் மனமார நம்பலாம்.

ஆயினும், சட்டம் அனுமதிப்பது உண்மையாகச் செலுத்த வேண்டிய கடனைத்தான்; மறுக்கப்பட்ட கூலி அத்தகையதா என்பதே இங்கே விவாதம். மறதியால் நின்ற பாக்கியாக இருந்தால், அன்றே வெளிப்படையாக எழுதி வரவு வைப்பதில் குற்றமில்லை என்றே தோன்றுகிறது. மறுக்கப்பட்ட பில்லில் அப்படிச் செய்தால், கம்பெனியின் மௌனத்தைச் சம்மதமாக்கி, தன் வழக்கில் தானே நீதிபதியாக அவர் அமர்ந்துவிடுகிறார். புதிய பில்லில் ரூ.8,500-க்குப் பதில் ரூ.20,500 பாக்கி நிற்கிறது; கம்பெனியின் கணக்கர் அதைக் கண்டுபிடிக்கும் நாளில், நன்றி சொன்ன அதே செய்திதான் தந்திரமாகத் தெரியும்.

அவர் அனுப்பத்தக்க செய்தி சிறியதே: ‘ரூ.50,000 கிடைத்தது, நன்றி. இந்த மாதப் பில்லில் வரவு வைத்திருக்கிறோம்; டி.டி.எஸ். ரூ.500 போக மீதி ரூ.8,500. பழைய ரூ.12,000 இதில் சேரவில்லை. அதைப் பற்றி நேரில் பேச வருகிறோம்.’