நோயாளியின் வாசலில் ஒரு ஸலாம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் விசாரிக்கப் போன இடத்தில் விசாரணை நடத்திவிட்டு வருகிறோமே, அதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. இம்மாதம் அதைத்தான் பேச விரும்புகிறோம். முதலில் நாம் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

1984-ஆம் ஆண்டு. நம்முடன் ஒரே அறையில் வேலை பார்த்த சகோதரர் ஒருவர் மூல ஆபரேஷனுக்காக லீவு எடுத்தார். வீட்டில்கூட 'வயிற்று வலி' என்று மட்டுமே சொல்லியிருந்தார். உண்மையை நம்மிடம் மட்டும் சொன்னார். ஆபரேஷன் முடிந்து அவர் தம் மாமனார் வீட்டில் தங்கியிருந்தபோது, நாம் பாசத்தோடு ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டோம். மூல ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா, இரத்தம் போவது நின்றதா, உட்கார முடிகிறதா என்று அதில் விலாவாரியாகக் கேட்டிருந்தோம். அட்டையை வாங்கிய மைத்துனர் அதைத் திண்ணையில் வைத்து உரக்கப் படித்துவிட்டார். பெண்கள் காதிலும் விழுந்தது.

வேலைக்குத் திரும்பிய அவர் நமக்கு ஸலாம் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சில மாதங்களில் மாற்றலாகிப் போனார். என்ன நடந்தது என்பதே வேறொருவர் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாம் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது அவர் மவுத்தாகிவிட்டார். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்துக்கு அல்லாஹ்விடம் தவ்பா செய்யலாம். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதனல்லவா மன்னிக்க வேண்டும்? அந்தப் பாரம் இன்றும் நம் நெஞ்சில் இருக்கிறது.

நம் பாசத்தில் குறைவு இல்லை. பின் எங்கே தவறினோம்? மார்க்கம் கற்றுத் தந்த வாசல் ஒழுங்கை எழுத்தில் மறந்துவிட்டோம்.

பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்றும், திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்றும் திருமறையின் ஸூரத்துந் நூர் கட்டளையிடுகிறது. ஒருமுறை ஒரு மனிதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய வீட்டுக் கதவின் துவாரத்தின் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது தலை கோதும் சீப்பைக் கையில் வைத்திருந்தார்கள். அந்த மனிதரைக் கடுமையாகக் கண்டித்த அவர்கள், அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று விளக்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது.

ஆபரேஷன் ஆகிப் படுத்திருப்பவரின் உடலும் ஒரு வீடுதான். நாம் அனுப்பும் கடிதமும் கைபேசிச் செய்தியும் அந்த வீட்டு வாசலில் நின்று சொல்லும் ஸலாம். "என்ன ஆபரேஷன்? எதை எடுத்தார்கள்?" என்று கேட்பது துவாரத்தின் வழியே எட்டிப் பார்ப்பது. ஸலாமோடு நிற்பதுதான் ஒழுங்கு. கதவைத் திறப்பதும் திறக்காததும் வீட்டுக்காரர் உரிமை.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நம் மகள் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். அவளோடு பணிபுரியும் இந்துச் சகோதரி ஒருவருக்கு அண்மையில் ஆபரேஷன் நடந்தது. இன்ன ஆபரேஷன் என்று தலைமையாசிரியைக்கு மட்டுமே தெரியும். மகள் கைபேசியில் ஒரு செய்தி எழுதி, அனுப்புமுன் நம்மிடம் காட்டினாள்.

"அக்கா, திடீரென்று என்ன ஆயிற்று? கட்டி ஏதாவதா? எந்த டாக்டர்? எங்கள் மாமிக்கும் இப்படித்தான் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் கஷ்டப்பட்டார்கள். நீங்கள் கவலைப்படாதீர்கள். பிள்ளைகள் உங்களைத் தேடுகிறார்கள், சீக்கிரம் வந்துவிடுங்கள். நாளை மாலை நாங்கள் ஐந்து பேரும் பார்க்க வருகிறோம்."

"வாப்பா, சரியாக இருக்கிறதா?" என்றாள். "பாசம் இருக்கிறதும்மா. ஆனால் படுத்திருக்கிறவர் இடத்தில் இருந்து ஒரு தடவை படித்துப் பார்" என்றோம். பிறகு இருவருமாக வரி வரியாகப் பார்த்தோம்.

முதலில் கேள்விகள். அவர் சொல்ல விரும்பாததால்தான் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், இல்லையேல் பொய் சொல்ல வேண்டும். இரண்டுமே அவருக்குச் சுமை. மேலும், ஆபரேஷன் ஆன முதல் ஓரிரு நாட்கள் மயக்க மருந்தின் அசதி இருக்கும், குமட்டலும் இருக்கலாம். கைபேசி பெரும்பாலும் கணவர் கையிலோ மாமியார் கையிலோதான் இருக்கும். நாம் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர்களாக இருக்கலாம். அன்று நம் தபால் அட்டைக்கு நேர்ந்த கதி இதற்கும் நேரும். ஆகவே நோயின் பெயர் நமக்குத் தெரிந்திருந்தாலும் எழுதக்கூடாது. பள்ளிக்கூடத்தார் எல்லோரும் பார்க்கும் குழுவிலும் போடக்கூடாது. அவருக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும்.

அடுத்தது மாமியின் கதை. ஆறுதல் என்று நினைத்துச் சொல்கிறோம். தையல் வலியோடு படுத்திருப்பவருக்கு 'ஆறு மாதம்' என்ற சொல் மட்டும்தான் காதில் நிற்கும். நோயாளியிடத்தில் நல்லதையே பேசுங்கள், நீங்கள் சொல்வதற்கு மலக்குகள் ஆமீன் கூறுகிறார்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மாமியின் ஆறு மாதத்துக்கா மலக்குகளை ஆமீன் சொல்ல வைப்பது?

மூன்றாவது, "சீக்கிரம் வந்துவிடுங்கள்" என்பது. அன்பில் சொன்னதுதான். ஆனால் பித்தப்பையைச் சிறு துவாரமிட்டு எடுத்தால் ஓரிரு வாரத்தில் வேலைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. வயிற்றைத் திறந்து செய்தால் பல வாரங்கள் ஆகும். எது என்று தெரியாத நாம் நாள் குறிக்கலாகாது. சிலர் அதை மேலிடத்துக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, உடல் தேறுமுன் வந்துவிடுவார்கள். சுகத்தை வேண்டுவோம், வேலைக்கு வரும் தேதியை வேண்ட வேண்டாம்.

நான்காவது, ஐந்து பேர் வருவது. நோய் விசாரிக்கப் போவது ஸுன்னத்தானே என்று மகள் கேட்டாள். ஸுன்னத்துதான்; ஆனால் அனுமதி கேட்பதும் மார்க்கம்தானே. குளிக்காமல், தலை வாராமல் படுத்திருக்கும் பெண், ஐந்து பேருக்கு முன் எழுந்து உட்கார வேண்டுமா? அவர் அழைத்தால் ஒருவர் போய்ப் பத்து நிமிடம் இருந்துவிட்டு வரலாம்.

"அப்படியானால் எழுத என்னதான் மிச்சம் வாப்பா?" என்று மகள் சிரித்தாள். மிச்சமிருந்தவைதான் முக்கியமானவை. செய்தி கேட்டு நமக்கு ஏற்பட்ட நிம்மதி, ஒரு பிரார்த்தனை, நம்மால் உண்மையில் செய்ய முடிந்த ஓர் உதவி, பதில் வேண்டாம் என்ற விடுதலை. அவள் திருத்தி எழுதியது இது:

"அன்புள்ள அக்கா, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதியடைந்தேன். இறைவன் உங்களுக்கு முழுச் சுகம் தர வேண்டுகிறேன். உங்கள் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பரீட்சைத் தாள்களும் திருத்தியாகிவிட்டன. அதைப் பற்றிய நினைப்பே வேண்டாம். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. நிம்மதியாக ஓய்வெடுங்கள்."

'ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்' என்று எழுதினால், கேட்கும் சிரமம் நோயாளியின் தலையில் விழுகிறது. செய்து முடித்ததைச் சொன்னால் ஒரு கவலை குறைகிறது. செய்யாததைச் செய்வதாக எழுதுவது வாக்கு மீறலாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நோயுற்ற ஒரு கிராமவாசியை நாயகம் (ஸல்) அவர்கள் பார்க்கச் சென்ற சம்பவம் புகாரியில் உள்ளது. கவலை வேண்டாம், இறைவன் நாடினால் இது தூய்மையாக்கும் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். அந்த முதியவரோ, இது தம்மைக் கப்ருக்குக் கொண்டுபோகும் காய்ச்சல் என்று கசந்து பேசினார். நாயகம் (ஸல்) அவர்கள் நீண்ட உபதேசம் எதுவும் தொடங்கவில்லை. அப்படியானால் சரி என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். அல்லாஹ்வின் தூதரே ஒரே வாக்கியத்தில் ஆறுதல் சொல்லி, நோயாளி கசந்தபோதும் வாதாடாமல் இருந்திருக்க, நாம் இரண்டு பக்கம் எழுதுவானேன்?

பதில் வராவிட்டால்? அனுமதி கேட்பது மூன்று முறை, கிடைக்காவிட்டால் திரும்பிவிடுவது என்பது நபிவழி. அபூ மூஸா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டு, கிடைக்காததால் திரும்பிப் போனார்கள். செய்திக்கும் இதுவே நல்ல அளவு. முதலாவது, ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில். அடுத்தது, பத்து நாள் கழித்து ஒரு வரி. அதற்கும் மௌனமானால், வேலைக்குத் திரும்பும் நாளில் ஒரு புன்னகை போதும். மனத்தாங்கல் கொள்ளக் கூடாது. மௌனம் நோயாளியின் உரிமை.

செய்தியில் சொல்லாமல் அடக்கிக்கொண்ட பாசம் வீணாகிவிடுமா? ஆகாது. தன் சகோதரனுக்காக அவனறியாமல் ஒரு முஸ்லிம் செய்யும் துஆ ஏற்கப்படும் என்றும், உனக்கும் அது போன்றே கிடைக்கட்டும் என்று மலக்கு கூறுகிறார் என்றும் முஸ்லிமின் ஹதீஸ் நற்செய்தி தருகிறது. அவர் முன் கொட்ட நினைத்ததையெல்லாம் தஹஜ்ஜுதில் றப்பின் முன் கொட்டலாம். நோயின் பெயரை அங்கே யாரும் நம்மிடம் கேட்பதில்லை, அவன் அறிவான். மாற்று மதத்தவர் நோயுற்றாலும் சுகம் வேண்டி நம் றப்பிடம் கேட்கலாம். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவன் வீடு தேடிச் சென்றார்கள் அல்லவா?

ஒன்பதாம் நாள் மகளுக்குப் பதில் வந்தது. "நன்றி. பரீட்சைத் தாள் நினைப்பிலேயே தூக்கமில்லாமல் இருந்தேன். அன்று இரவு தூங்கினேன்" என்று எழுதியிருந்தார். வேலைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள், ஆபரேஷன் என்ன என்பதை அவராகவே மகளிடம் தனியாகச் சொன்னாராம். மகள் அதை நம்மிடம் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

யா அல்லாஹ்! நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வாயாக! அவர்கள் வாசலில் பேணுதலாக நிற்கும் அறிவை எங்களுக்குத் தந்தருள்வாயாக! நாங்கள் நோகச் செய்த சகோதரரின் கப்ரை ஒளிமயமாக்கி, மறுமையில் அவர் எங்களை மன்னிக்க அருள்புரிவாயாக! ஆமீன், யா றப்பல் ஆலமீன்.