ஏழு மணி மாத்திரையும் எட்டு மணி அழைப்பும்

ஒரு சிறுகதையாக இதை வைத்துக்கொள்ளலாம். கும்பகோணத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்குச் சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். காலை 7, பகல் 11, மாலை 3, இரவு 7 என நான்கு வேளை லெவோடோபா மாத்திரை. டொரண்டோவில் இருக்கும் மகள் ஒரு விடுமுறையில் வந்தபோது பாட்டியின் போனில் நான்கு அலாரம் வைத்துவிட்டுப் போனாள். இரவு 7 மணி அலாரம் அடிக்கும்போது டொரண்டோவில் காலை 9.30, மகன் குடும்பம் இருக்கும் சிங்கப்பூரில் இரவு 9.30. மூன்று வீடும் வீடியோ காலில் கூடிவிடும். பாட்டி மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிப்பாள். "போட்டாச்சா பாட்டி? எங்கே, வாயைத் திற" என்று பேத்தி அதட்டுவாள். அதற்கப்புறம்தான் ஊர்க்கதை எல்லாம்.

நவம்பர் முதல் ஞாயிறன்று டொரண்டோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த வழக்கம் இல்லை. அன்றிலிருந்து பாட்டியின் 7 மணி மகளுக்குக் காலை 8.30 ஆகிறது, பிள்ளையைப் பள்ளியில் விடக் காரில் போகும் நேரம். "அம்மா, அலாரத்தை எட்டுக்கு மாத்திக்கலாமா? ஒரு மணி நேரம்தானே" என்கிறாள். "மாத்திக்கோடி, எனக்கென்ன" என்கிறாள் பாட்டி. ஆனால் 7 மணிக்கே தானாக மாத்திரையைப் போட்டுக்கொள்கிறாள். 8 மணிக்கு எல்லோரும் பார்க்க ஒரு கற்கண்டுத் துண்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறாள். குளிர்காலம் முழுக்க இப்படியே போகிறது.

இதில் தவறு யாருடையது?

ஒரு மணி நேரம் என்பது இந்த நோயில் என்ன என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மூளையில் குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டவே லெவோடோபா கொடுக்கப்படுகிறது. அது உடம்பில் நெடுநேரம் தங்குவதில்லை. நோய் முற்றமுற்ற, அடுத்த வேளைக்கு முன்பே வேகம் தீர்ந்துவிடும். கை நடுங்கும், கால் தரையை விட்டு எழாது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது. பிரிட்டனில் மருத்துவமனைகளுக்குச் சொல்லப்பட்டிருக்கும் அளவுகோல், குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் மாத்திரை தரப்பட வேண்டும் என்பது. சாப்பாட்டோடும் இதற்கு ஒரு கணக்கு உண்டு. பருப்பு, தயிர், முட்டையில் உள்ள புரதம் குடலில் இந்த மருந்தோடு போட்டியிட்டு அது உள்ளே சேர்வதைத் தடுக்கும். அதனால் சாப்பிட அரை மணி நேரம் முன்பே போடச் சொல்கிறார்கள். மாலை 3 மணிக்குப் போட்டவள் 8 வரை காத்திருந்தால் இடைவெளி ஐந்து மணி நேரமாகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுந்து நடக்க வேண்டிய நேரத்தில் அவள் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருப்பாள். "ஒரு மணி நேரம்தானே" என்று மகள் கேட்டது, தன்னை அறியாமலே, தாயின் மாலைப்பொழுதைத்தான்.

மகள் கேட்டது அன்பினால்தான். அந்தச் சந்திப்பை விட மனமில்லாமல் கேட்டாள். பாட்டியும் சம்மதித்தாள். கேட்டவரும் கொடுத்தவரும் மனமொப்பி இருக்கும்போது அறக்கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தோன்றலாம். அந்தச் சம்மதத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முடியாது என்று சொன்னால் பாட்டி இழக்கப்போவது மகளின் முகத்தை. மறுப்பதற்கு இவ்வளவு பெரிய விலை வைத்துவிட்டு வாங்கப்படும் "சரி"யை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. முதியவர்களிடம் பிள்ளைகள் வாங்கும் பல சம்மதங்கள் இப்படிப்பட்டவைதான். அதனால் அவர்கள் சரி என்றார்களா என்பதோடு நின்றுவிடாமல், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருந்ததா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி அந்தக் கற்கண்டு. பாட்டிக்காக வாதாடுவது எளிது. மருந்து நேரத்துக்குப் போய்விட்டது, பிள்ளைகளின் மனமும் நோகவில்லை. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் சலுகை தருவது குற்றமற்ற நன்மைக்கு மட்டுமே. இந்தப் பொய் அந்த நிபந்தனையில் தேறுமா?

தேறாது. இந்த நோய்க்கு மருத்துவர் அளவை நிர்ணயிப்பதே, எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார்கள், எத்தனை மணிக்கு உடம்பு இலகுவானது, எப்போது மறுபடி விறைத்தது என்ற குறிப்பைப் பார்த்துத்தான். மகள் அங்கிருந்து 8 மணி என்று எழுதிவைக்கிறாள். உண்மையில் 7 மணிக்குப் போட்ட மாத்திரை 10 மணிக்கு வேகம் தீர்ந்தால், மூன்று மணி நேரம் தாங்கிய மருந்து குறிப்பில் இரண்டே மணி நேரம் தாங்கியதாகத் தெரியும். மருத்துவர் தேவையில்லாமல் அளவைக் கூட்டக்கூடும். கூட்டினால் கை கால் தாமாகவே வளைந்து நெளியும் தொல்லையோ, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவதோ வரலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒருநாள் துணைக்கு வரும் பெண் யாராவது, பாட்டி 7 மணிக்குப் போட்டது தெரியாமல், 8 மணி அலாரத்துக்கு ஸ்ட்ரிப்பிலிருந்து நிஜ மாத்திரையையே எடுத்துக் கையில் கொடுத்துவிடலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாட்டியால் அதை மறுக்கவும் முடியாது.

ஆக, பொய் தீங்கற்றதல்ல. ஆனாலும் பழியை முழுக்கப் பொய் சொன்னவள் தலையில் வைப்பது நியாயமாகாது. உண்மையைச் சொல்ல விலை கேட்டுவிட்டு, அந்த விலையைக் கொடுக்க முடியாதவளைப் பொய் சொன்னதற்காகக் குறை கூற முடியாது. இரண்டு நல்ல காரியங்களை ஒரே அலாரத்தில் கட்டிவைத்தது குடும்பம். மருந்து உடம்பின் கணக்கைக் கேட்கும், அழைப்பு மனிதர்களின் வசதியைக் கேட்கும். கோடையில் இரண்டும் ஒத்துப்போனது தற்செயல்.

அப்படியானால் பிரித்துவிட வேண்டியதுதானே? இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. மாத்திரை என்ற காரணம் இருப்பதால்தான் தினமும் அழைப்பு வருகிறது. வெறுமனே பேசுவதற்கு என்றால் முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ஒருமுறை என்று ஆகிவிடும். பாசம் தள்ளிப்போடும் காரியத்தைக் கடமை தள்ளிப்போடாது. இதில் உண்மை இருக்கிறது. பாட்டிக்கே இது தெரிந்திருக்கும். கற்கண்டின் பின்னால் இருப்பது ஏமாற்றும் எண்ணத்தைவிட இந்தப் பயம்தான்.

ஆனால் இந்த வாதம் எதை ஒப்புக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பாட்டியோடு பேச அவள் நோய் தேவைப்படுகிறது என்பதையே அது ஒப்புக்கொள்கிறது. அழைப்பு தேய்ந்துவிடும் என்பது பிள்ளைகளின் குறை. அந்தக் குறையை ஈடுகட்டும் சுமையை நோயாளியின் உடம்பில் ஏற்றக் கூடாது. அழைப்பையும் ஒரு கடமையாக ஏற்று அதற்கென்று நேரம் குறிக்க யாரும் தடையில்லை.

செய்ய வேண்டியதும் பெரிய காரியமல்ல. நான்கு அலாரமும் மருத்துவர் சொன்ன இடத்திலேயே இருக்க வேண்டும், எந்த நாட்டுக் கடிகாரம் மாறினாலும். மாற்ற வேண்டிய தேவை வந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். 7 மணிக்குக் கூட இருக்க, நேரம் மாறாத சிங்கப்பூர் வீடு போதும். டொரண்டோ மகள் 8 மணிக்குத் தனியாக அழைக்கலாம். அந்த அழைப்பில் மாத்திரையைப் பற்றிய பேச்சே வேண்டாம். வாயைத் திறந்து காட்டச் சொல்வதும், பாட்டி தானாக விரும்பினால் ஒழிய, நின்றுவிட வேண்டும். மறந்தேன் என்றோ, தாமதமாகிவிட்டது என்றோ அவள் சொல்லும்போது அதட்டாமல் குறித்துக்கொள்ளும் ஒரு குடும்பத்துக்குத்தான் உண்மையான குறிப்பு கிடைக்கும்.

தூரத்தில் இருப்பவர்களின் கடமை நேரில் இருப்பவர்களின் கடமையைவிடக் குறைந்ததல்ல, ஆனால் அதன் இயல்பு வேறு. கையைப் பிடித்து எழுப்ப முடியாதவர்கள், எழும்ப வேண்டிய நேரத்தையாவது தாயிடமிருந்து பறிக்காமல் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் யாராவது தம் நேரத்தை வளைத்தே ஆக வேண்டுமென்றால், வளைக்க வேண்டியது வளைக்க முடிந்தவர்கள்தான்.