சாட்சிகள் இருவரை ஒருவராக்குதல்: வாழ்க்கை வரலாற்றுப் படங்களும் முடியாத வழக்குகளும்

உண்மையில் வாழ்ந்த ஒருவரின் கதையைத் திரைக்குக் கொண்டுவரும் எழுத்தாளர் முதலில் எதிர்கொள்வது நேரக் கணக்கையே. திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடமாக ஓடும் என்பது இத்துறையின் பழைய கணக்கு என்பதால், இரண்டு மணி நேரப் படத்துக்கு நூற்றிருபது பக்கங்களுக்கு மேல் இடமில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு மனிதரையும் பார்வையாளர் அடையாளம் கண்டுகொள்ள ஒன்றிரண்டு காட்சிகளாவது தேவைப்படும். இந்த நெருக்கடியிலிருந்து இரண்டு உத்திகள் பிறந்தன. பல உண்மை மனிதரின் செயல்களை ஒரே கற்பனை மனிதரிடம் சேர்ப்பது ஒன்று; இதைக் கூட்டுப் பாத்திரம் எனலாம். நிகழ்ச்சிகளின் ஆண்டையோ வரிசையையோ மாற்றி, நெடுங்காலத்தைச் சில நாட்களாகச் சுருக்குவது மற்றொன்று. இவை பொய்யா, கலைக்கு உரிய உரிமையா என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைப்பதில்லை. சுருக்கப்படும் வாழ்க்கையைப் பற்றிய உண்மை வேறு எங்காவது நிலைநாட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்கும்போதே அறச்சிக்கல் தெளிவாகிறது.

2021 நவம்பரில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடலூர் மாவட்டத்தின் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாகண்ணு 1993இல் பொலிஸ் காவலில் கொல்லப்பட்ட வழக்கே அப்படத்தின் அடிப்படையாகும். அவருடைய மனைவி பார்வதிக்காக, பின்னர் உயர் நீதிமன்ற நீதியரசரான கே. சந்துரு வழக்கறிஞராக நின்று, காணாமற்போனவரை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்தினார். படத்தில் ராஜாகண்ணு, சந்துரு ஆகிய பெயர்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் பார்வதி செங்கேணி ஆகிறார், குறவர் சமூகத்தினரான குடும்பம் இருளர் குடும்பமாகிறது, 1993 என்பது 1995 ஆகிறது. முதனையில் அந்தக் குடும்பத்துக்குத் துணைநின்று நெடுங்காலம் போராடிய உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர் கோவிந்தனின் பணி, மைத்ரா என்னும் கற்பனை ஆசிரியையின் பாத்திரத்துக்குள் கரைந்துவிடுகிறது.

இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. ஆண்டு இரண்டு தள்ளிப்போனதால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாகச் சொல்வது கடினம். குறவரின் துயரம் இருளரின் துயரமாகக் காட்டப்பட்டது அதைவிடக் கனமானது. இருளர் மீது நடந்த கொடுமைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது என்ற நன்மை அதற்கு உண்டு என்றாலும், சொந்த இழப்பு வேறொரு சமூகத்தின் பெயரில் உலகுக்குத் தெரியவந்ததைக் குறவர் தரப்பினர் கேள்விக்குட்படுத்தியதில் நியாயம் இருக்கிறது. கொடுமை செய்த காவல் துணை ஆய்வாளரின் பெயர் அந்தோணிசாமி என்பதிலிருந்து குருமூர்த்தி என்று மாறியதும், அவர் வீட்டுச் சுவரில் ஒரு சாதி அமைப்பின் சின்னமான அக்கினிக் கலசம் பொறித்த நாட்காட்டி தொங்கியதும் பெரும் எதிர்ப்பை எழுப்பின. நாட்காட்டிக் காட்சி பின்னர் மாற்றப்பட்டது. உண்மைப் பெயரை மறைப்பதற்காக இடப்படும் கற்பனைப் பெயர் வெற்றுப் பெயராக நிற்பதில்லை, அது இன்னொருவரைச் சுட்டத் தொடங்கிவிடும் என்பதைத் திரைக்கதை எழுதுவோர் இங்கே கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் ‘ஜெய் பீம்’ விடயத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ராஜாகண்ணு வழக்கு நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, பொலிஸார் தண்டிக்கப்பட்டு, 2006இல் முடிவுக்கு வந்தது. படம் எதை மாற்றியது என்று அறிய விரும்புபவர் தீர்ப்பைப் புரட்டிப் பார்க்கலாம். படம் வெளிவந்த சில நாட்களிலேயே பத்திரிகைகள் அப்படிப் பார்த்ததனால்தான் பார்வதியின் பெயரும் கோவிந்தனின் பெயரும் பரவலாகத் தெரியவந்தன. படத்துக்கு வெளியே உறுதியான பதிவு ஒன்று இருந்தபடியால் படத்தின் பிழை திருத்தக்கூடியதாயிற்று.

அத்தகைய பதிவு இல்லாத இடத்தில் இதே உத்திகள் என்ன செய்யும் என்பதைத் திருகோணமலையின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு பார்க்கலாம். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, நகரின் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே கூடியிருந்த மாணவர்களில் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் திருகோணமலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் ஒருவரின் தந்தையான மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன் தம் மகனுக்கு நேர்ந்ததைப் பற்றித் துணிந்து சாட்சியமளித்து, பின்னர் நாட்டை விட்டு வெளியேறி, வெளிநாடுகளிலும் நீதி கோரினார். விசேட அதிரடிப் படையினர் உட்படச் சந்தேகநபர்கள் 13 பேரைப் போதிய சான்று இல்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 2019 ஜூலை மாதத்தில் விடுவித்தது.

மனோகரனின் வாழ்க்கையைப் படமாக்க ஒருவர் முனைகிறார் என்று கொண்டால், கூட்டுப் பாத்திரத்துக்கான ஆசை உடனே எழும்: மகனை இழந்த தந்தையையும் புகைப்படம் எடுத்த செய்தியாளரையும் ஒரே மனிதராக்கி, தந்தையே புகைப்படக் கருவியைத் தூக்குவதாகக் காட்டினால் கதை இறுகும், உணர்ச்சி பெருகும், பத்துப் பக்கங்கள் மிச்சமாகும். ஆனால் இந்த வழக்கில் அந்த இருவரும் இருவராக இருப்பதே முக்கியம். ஒருவரோடு ஒருவர் பேசிவைக்காத இருவர் சொல்வது ஒத்துப்போகும்போது அதற்கு ஒருவர் சொல்வதைவிடப் பன்மடங்கு வலு உண்டு என்பதனால்தான், சான்றை ஒப்புறுதிப்படுத்தல், அதாவது தனித்தனி வழிகளில் வந்த சாட்சியங்கள் ஒன்றையொன்று தாங்குதல், நீதி விசாரணையில் பெரிதாகக் கருதப்படுகிறது. இருவரை ஒருவராக்கும் படம் சான்றைப் பாதியாக்குகிறது. மேலும், துயரத்தால் நிதானமிழந்த தந்தை கண்டதாக நினைத்த ஒன்று என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு வழிதிறக்கிறது.

திகதிகளிலும் இதே அபாயம் இருக்கிறது. புகைப்படங்கள் வெளிவந்த பிறகே சுகிர்தராஜன் கொல்லப்பட்டார். விறுவிறுப்புக்காக அவருடைய மரணத்தை மறுநாளுக்கு நகர்த்தும் படமோ, புகைப்படங்கள் வெளிவருமுன்பே அவரைக் கொன்றுவிடும் படமோ, காரண காரியத் தொடர்பைக் கலைத்துவிடும். அதைவிட நுட்பமான இழப்பு, 2006க்கும் 2019க்கும் இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளை மூன்று நிமிடப் பாடலுக்குள் அடக்கும்போது நேர்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்த அநீதியின் பெரும்பகுதி அந்தத் தாமதமே. படம் காலத்தைச் சுருக்குகையில் சுருங்குவது அநீதியும்தான்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. சாட்சி சொன்னவர்களும் தப்பியவர்களும் அச்சத்தில் வாழும் ஊரில், அவர்களுடைய முகமும் தொழிலும் திரையில் அடையாளம் காணப்படக்கூடாது. பலரைக் கலந்து ஒருவராக்குவது அவர்களைக் காக்கும் கவசமாக அமையும். இந்தத் தேவைக்காக எவருடைய வயதையும் பாலினத்தையும் ஊரையும் மாற்றலாம், அதில் அறக்குறை இல்லை. ஆனால் அவர் எதை, எங்கிருந்து, எப்போது கண்டார் என்பதையும், அப்படிக் கண்டவர் எத்தனை பேர் என்பதையும் மாற்றினால் காக்கப்படுபவர் சாட்சியல்லர், குற்றம் செய்தவரே ஆவார். படத்தின் தொடக்கத்தில் வழக்கமாகக் காட்டப்படும் ‘உண்மைச் சம்பவங்களைத் தழுவியது’ என்ற வரி இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை. எந்தப் பாத்திரம் யார் யாரைச் சேர்த்து உருவாக்கப்பட்டது, எந்த நிகழ்ச்சி எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்கு நகர்த்தப்பட்டது என்பதைப் படத்தின் முடிவில் இரண்டு அட்டைகளில், பெயர்களை வெளியிடக்கூடிய அளவுக்கு, வெளிப்படையாக எழுதிக் காட்டுவதற்கு அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. தீர்ப்பு எழுதப்படாத வழக்கைப் படமாக்குபவர் அந்த அரை நிமிடத்தை மறுப்பதற்கு நேரமின்மையைக் காரணமாகக் காட்ட முடியாது.