டேலி ஆகிற தாளும் குமாஸ்தாவின் கடமையும்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் கணக்குப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31-க்கான எக்ஸெல் தாளில் B-யில் பற்றும் C-யில் வரவும் பைசா பிசகாமல் டேலி ஆகின்றன. விட்டுப்போன லாரி வாடகை 500 ரூபாயைக் குமாஸ்தா பற்றுப் பக்கத்தில் மட்டும் சேர்க்கிறார். இடிக்க வேண்டிய கணக்கு அப்போதும் டேலி ஆகிறது. மறைத்து வைத்த வரிசைகளைத் திறந்தால் 39-ஆம் வரிசையில் காரணம் இருக்கிறது:

```
C39: =C39+B40-C40
C40: =SUM(C5:C39)
```

C39 தன்னையும், தன்னை உள்ளடக்கிய மொத்தத்தையும் பார்த்தே தன் தொகையைப் போட்டுக்கொள்கிறது. எவ்வளவு இடித்தாலும் அவ்வளவையும் விழுங்கிவிடும். இப்படிச் சுற்றிவரும் சூத்திரத்தை எக்ஸெல் வழக்கமாக எச்சரிக்கும். Enable iterative calculation என்ற அமைப்பை யாரோ போட்டுவைத்ததால் எச்சரிக்கை வரவில்லை. இதைக் கண்டவர் வாய் திறக்க வேண்டுமா?

சுற்றுச் சூத்திரம் எல்லாமே தவறல்லவே என்பார்கள். உண்மைதான். கமிஷன் போக மிஞ்சும் லாபத்தில் மேலாளருக்கு 10 சதவீதம் என்றால், லாபமும் கமிஷனும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கும். 11 லட்சம் லாபத்தில் கமிஷன் 1 லட்சம். அந்தத் தொகைக்கு ஓர் ஒப்பந்தம் ஆதாரம். C39-க்கோ, இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு ஆதாரமில்லை. வித்தியாசம் சில நூறு ரூபாய்தானே என்பதும் நிற்காத வாதம். பற்றில் 2 லட்சமும் வரவில் 1,99,500-ம் விட்டுப்போயிருந்தாலும் வெளியே தெரிவது 500 மட்டுமே. வித்தியாசம் வருவது குற்றமல்ல. பழைய பேரேட்டுக்காரர்கள் அதைச் சஸ்பென்ஸ் கணக்கில் பெயர் போட்டு எழுதிவைத்து, பிறகு தேடித் தீர்த்தார்கள். இங்கே தேட வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தாளை நம்பித்தான் தணிக்கையாளர் கையெழுத்திடுகிறார், வங்கி கடன் கொடுக்கிறது.

கனமான ஆட்சேபம் வேறு: சொன்னால் வேலை போகுமே. சம்பளத்தை நம்பி வீடு நடத்துபவரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் இங்கே கேட்கப்படுவது வீரமல்ல. 2013-ல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெரிய பொருளாதார அறிஞர்களின் எக்ஸெல் தாளில், சராசரிச் சூத்திரம் 5 நாடுகளை விட்டுவிட்டதைக் கண்டார். யாருக்கும் உள்நோக்கம் கற்பிக்காமலே எந்தக் கட்டத்தில் எது விட்டுப்போனது என்று காட்ட முடிந்தது. ஆசிரியர்களும் அந்தத் தவறை ஒப்புக்கொண்டார்கள். குமாஸ்தாவின் கடமையும் அவ்வளவுதான்: கட்டத்தின் எண், சூத்திரம், 500 ரூபாய்ச் சோதனை, மூன்றையும் கணக்காளருக்கு எழுத்தில் தருவது. எழுதியவர் யார், ஏன் எழுதினார் என்பது அவர் வேலையல்ல. பிறகு எடுத்துவிடலாம் என்று அவசரத்தில் போட்டதாகவும் இருக்கலாம். ஓசையில்லாமல் தாமே அழித்துச் சரிசெய்வதும் கூடாது. தாள் சுத்தமாகும், முந்தைய ஆண்டுகளில் அது எவ்வளவு விழுங்கியது என்ற கேள்வி புதைந்துபோகும்.

சொன்ன பிறகு பாரம் மேலே போகிறது. "அப்படியே விடு" என்று கணக்காளர் சொன்னால், அந்தத் தாளில் தன் சுருக்கொப்பம் போட மறுக்கக் குமாஸ்தாவுக்கு முழு உரிமை உண்டு. அதற்காக அவரைத் தண்டிப்பது முதலாளி செய்யும் குற்றம்.