தரையோடு படியும் காற்று

பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு விடுதி அறை காலியாகிறது. குளியலறைக்குள் நுழையும் பணிப்பெண் கழிப்பறைக் கோப்பையின் மஞ்சள் கறைமேல் ஆசிட் கிளீனரை ஊற்றி ஊறவிடுகிறார். படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு வந்து பார்த்தால் கறை இன்னும் போகவில்லை. கூடவே வெள்ளையாகட்டும் என்று குளோராக்ஸை எடுக்கிறார். வாளியில் இரண்டையும் கலக்க அவர் நினைக்கவேயில்லை. முதலில் ஊற்றியது கழுவப்படாமல் கிடக்க, இரண்டாவது அதன்மேல் விழுகிறது. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

பிளீச்சில் உள்ள சோடியம் ஹைபோகுளோரைட்டை அமிலம் தொட்டதும் குளோரின் வாயு வெளியேறும். கணக்குப் போட்டால் நெஞ்சு பதறுகிறது. 5 விழுக்காட்டு பிளீச் 100 மில்லி முழுவதும் வினைபுரிந்தால் சுமார் 1.6 லிட்டர் குளோரின் பிறக்கும். 10 கன மீட்டர் குளியலறையில் அது பரவினால், பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 160 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கப் பணிச் சுகாதார நிறுவனமான நயோஷ் குறித்த அளவோ 10 பங்குதான். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, தாழ்வாகப் படியும். முழந்தாளிட்டுத் தேய்ப்பவர்தான் அதை முதலில் சுவாசிக்கிறார்.

2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், பர்லிங்டன் நகர உணவகமொன்றின் சமையலறைத் தரையில் இப்படியே அமிலமும் பிளீச்சும் சந்தித்தன. தரை பச்சை நிறமாகி நுரைத்தது. அதை வெளியே தள்ளிவிட முயன்ற மேலாளர் இறந்துபோனார். மற்றவர்களைக் காப்பாற்ற நினைத்தவர் அவர். ஆனால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வெளியேறுவதுதான். தண்ணீர் ஊற்றவோ துடைக்கவோ நிற்கக்கூடாது. போகும்போதே மற்றவர்களையும் எச்சரித்து வெளியேற்ற வேண்டும். கண் எரிந்து தொண்டை அடைத்தவர், வெளியே வந்து கொஞ்சம் தேறிவிட்டாலும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

பணிப்பெண் கவனமாக இருந்திருக்கலாமே என்று சொல்வது எளிது. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு விதிமுறைப்படி அபாயகர இரசாயனத்தின் லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். பெரிய கலனிலிருந்து பழைய மினரல் வாட்டர் பாட்டிலுக்கு மாற்றியதும் அந்த இரண்டு மொழிகளும் போய்விடுகின்றன. நேற்றுத்தான் நேபாளத்திலிருந்தோ தமிழகத்திலிருந்தோ வந்தவருக்கு, நிறமற்ற இரண்டு பாட்டில்களில் எது எது என்று எப்படித் தெரியும்? அவர் செய்ததாக நாம் சொல்லும் தவறு பெரும்பாலும் அவர் வருவதற்கு முன்பே ஸ்டோர் அறையில் நடந்துவிடுகிறது. தள்ளுவண்டியில் ஆசிட்டையும் பிளீச்சையும் சேர்த்து அனுப்பியவர் யார்? கறைக்கு ஆசிட் தேவைப்படும் அறைகளுக்கு பிளீச்சே போகாமல் பார்த்துக்கொள்ள விடுதியால் முடியும். அதற்குப் பெரிய செலவில்லை.

2024 ஜூன் முதல் நடப்பிலுள்ள திருத்தப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டம், உடனடி ஆபத்து என நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையைத் தந்திருக்கிறது. ஒரு நாளில் இத்தனை அறை முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தும் சூப்பர்வைசர் முதலில் அந்த உரிமையைத் தம் வாயால் அவருக்குச் சொல்ல வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில்.