எங்கே பார்த்தாய் இந்த நிறத்தை?

திங்கள், இரவு

நாளை நான்காம் வகுப்பில் நிறங்களைப் பற்றியும் மனநிலையைப் பற்றியும் பேச வேண்டும். பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் கண் சன்னலுக்கு வெளியே போய்விடும்.

முதலில் ஒரு பட்டியல் எழுதினேன். சிவப்பு கோபம், மஞ்சள் மகிழ்ச்சி, நீலம் அமைதி, கறுப்பு துக்கம். வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் அட்டைகளில் இப்படித்தான் இருக்கும். எழுதி முடித்ததும் கடைசி வரியில் கண் நின்றது. எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பூமி. மானாவாரிப் பருத்திக்கும் உளுந்துக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொடுப்பது அந்தக் கறுப்பு மண். ஐப்பசியில் வானம் கறுத்தால் பெரியவர்கள் திண்ணையை விட்டு எழுந்து வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த முகங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் கறுப்பு என்றால் துக்கம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பட்டியலை மடித்து ஓரமாக வைத்தேன்.

*

அதே இரவு, சற்றுப் பிறகு

தொல்காப்பியத்தின் உரியியலை எடுத்துப் பார்த்தேன். கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் அங்கே சொல்லப்படும் பொருள் வெகுளி. இவை நிறத்தைக் குறிக்கவும் வரும் என்பது அடுத்தபடியாகத்தான் சொல்லப்படுகிறது. நாம் இன்று நிறத்தின் பெயராக மட்டுமே நினைக்கும் சொல், அந்த நூலில் முதலில் ஓர் உணர்ச்சியின் பெயராக நிற்கிறது.

யோசித்தால் இன்றும் அப்படித்தான் பேசுகிறோம். கோபத்தில் முகம் சிவக்கிறது. மனம் நொந்தால் முகம் கறுக்கிறது. பயத்தில் வெளிறிப்போகிறது. பிரிவில் காதலியின் உடம்பில் படரும் நிறமாற்றத்துக்குப் பசலை என்று தனியாகவே ஒரு பெயர் உண்டு. அதற்காகத் திருக்குறளில் ஓர் அதிகாரம் முழுவதும் இருக்கிறது. நம் மொழி நிறத்தையும் உணர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தது முகத்தில்தான். நாளை நானும் கிரேயான் பெட்டியைத் திறக்கும் முன் முகத்தில் தொடங்குகிறேன்.

*

செவ்வாய், மதியம்

பேசி முடித்தேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

"அம்மாவுக்குக் கோபம் வந்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கண்ணு சிவந்திடும் டீச்சர்" என்றது ஒரு குரல். எல்லாரும் கண்ணைத்தான் சொன்னார்கள். முகம் சிவக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் மாநிறத்தில் முகம் சிவப்பது அவ்வளவாகத் தெரியாது. பிள்ளைகள் கேள்விப்பட்டதை விட்டுவிட்டுப் பார்த்ததைச் சொன்னார்கள் என்று தெரிந்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது.

கோபத்தில் தோலுக்கடியில் உள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ரத்தம் மேலே வருகிறது, சூடு தெரிகிறது என்று சொன்னேன். பயத்தில் அவை சுருங்குகின்றன, அதனால் முகம் வெளிறுகிறது. "நம்ம உடம்பே வண்ணம் பூசுது" என்றான் ஒருவன். அதற்கு மேல் அந்தப் பாடத்தை நான் விளக்கவில்லை.

பிறகு சிவப்புக் கிரேயானை உயர்த்திப் பிடித்தேன். இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்பதுதான் வழக்கம். அப்படிக் கேட்டால் முதலில் ஒரு பிள்ளை "கோபம்" என்று சொல்லும், மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். அதனால் கேள்வியை மாற்றினேன்: "இந்த நிறத்தை நீ எங்கே பார்த்தாய்?"

தீக்குச்சியின் தலை என்றாள் ஒருத்தி. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர். முளைப்பாரி அன்றைக்கு அக்கா கட்டிய பாவாடை என்றாள் இன்னொருத்தி. முட்டியில் வந்த ரத்தம். மிளகாய்ப்பழம் காயும் களம். ஒவ்வொன்றுக்கும் பிறகுதான் இரண்டாவது கேள்வி: "அப்போது உனக்கு எப்படி இருந்தது?" பாவாடைக்குச் சந்தோஷம் வந்தது. ரத்தத்துக்கு அழுகை வந்தது. மிளகாய்க்குத் தும்மல் வந்தது என்றார்கள். அதையும் கரும்பலகையில் எழுதினேன். சிவப்பு என்ற ஒரே தலைப்புக்குக் கீழே வெவ்வேறு மனநிலைகள் நின்றன.

*

செவ்வாய், மாலை

இந்தக் கேள்வி வரிசையை நான் கண்டுபிடிக்கவில்லை. 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாமர், கேரன் ஷ்லோஸ் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம் எந்த நிறம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள். இன்னொரு குழுவிடம் அந்த நிறத்தைப் பார்த்தால் நினைவுக்கு வரும் பொருட்களைச் சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது குழுவிடம் அந்தப் பொருட்கள் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள். பொருட்கள் பிடித்திருந்தால் நிறமும் பிடித்திருந்தது. தெளிந்த நீலத்தில் வானமும் நல்ல தண்ணீரும் இருந்தன. மங்கிய பழுப்பில் அழுகியவையும் கழிவும் இருந்தன. நிறத்தின் மேல் நமக்குள்ள பிரியம் பெரும்பாலும் பொருட்களின் வழியாக வந்து சேர்கிறது என்றார்கள்.

அப்படியானால் சுவர் அட்டை முழுப் பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. 30 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நிறப் பெயர்களைச் சொல்லி உணர்ச்சிகளைக் கேட்ட ஓர் ஆய்வு 2020-ல் வந்தது. பல நாடுகளிலும் கறுப்பு துக்கத்தோடும், சிவப்பு காதலோடும் சேர்ந்தே வந்தன. சீனாவில் மட்டும் வெள்ளையும் துக்கத்தோடு கூடுதலாகச் சேர்ந்தது. அங்கே சாவு வீட்டின் நிறம் அது. மனிதர்கள் எல்லாருக்கும் இரவு ஒன்றுதான், ரத்தம் ஒன்றுதான். அதனால் பொதுவான ஒரு சாயல் இருக்கிறது. அதன் மேல் ஊர் ஒரு பூச்சு பூசுகிறது, வீடு இன்னொரு பூச்சு பூசுகிறது. ஆயிரம் பேரின் சராசரியை அட்டை சொல்லலாம். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

*

புதன், காலை

நேற்று நேரம் போதாமல் விட்டதை இன்று செய்தேன். மூன்று சிரட்டைகளில் ஒவ்வொரு கரண்டி நீல போஸ்டர் கலர். முதலாவதை அப்படியே விட்டேன். இரண்டாவதில் மூன்று கரண்டி வெள்ளை கலந்தேன். மூன்றாவதில் குச்சி நுனியால் கறுப்பைத் தொட்டு வைத்தேன். கறுப்பை மட்டும் கரண்டியில் எடுக்கக் கூடாது, நீலத்தை விழுங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் வெள்ளைத்தாளில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசிக் காட்டினேன். முதலாவது, அண்ணன் படிக்கும் பள்ளியின் யூனிபார்ம். இரண்டாவது, சொட்டு நீலம் போட்டுக் காயவைத்த அப்பாவின் வேட்டி. மூன்றாவதைக் காட்டியதும் சத்தம் குறைந்தது. "ஊர்க் கிணறு" என்றான் ஒருவன். "எட்டிப் பார்த்தா பயமா இருக்கும்."

மூன்றும் நீலம்தான். நீலம் அமைதி என்ற வரி எந்த நீலத்தைச் சொல்கிறது? ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பவை மனநிலையைப் பெரிதும் மாற்றுகின்றன. நிறத்தின் பெயரைவிட அவற்றின் கை ஓங்கியிருக்கும் நேரங்கள் உண்டு. இதைச் சொல்லி விளங்கவைப்பதைவிட மூன்று சிரட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எளிது.

*

புதன், மாலை

கடைசிப் பாடவேளையில், மனதில் நிற்கும் ஒரு நாளை வரையச் சொன்னேன். என்ன நாள், நல்லதா கெட்டதா என்று எதுவும் சொல்லவில்லை.

ஒரு சிறுமி தாள் முழுவதையும் கறுப்பால் அடைத்தாள். கிரேயான் உடையும் அளவுக்கு அழுத்தம். ஓரத்தில் மட்டும் இரண்டு மஞ்சள் புள்ளி. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. வீட்டில் என்னவோ என்று ஒரு கணத்தில் ஒரு கதையே கட்டிவிட்டேன்.

இந்த இடத்தில்தான் ஆசிரியர்கள் தவறுகிறோம். பிள்ளைகள் கறுப்பை எடுப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. வெள்ளைத் தாளில் அது பளிச்சென்று தெரியும். பெட்டியில் மற்றவை தேய்ந்துபோயிருக்கும். பக்கத்துப் பிள்ளை சிவப்பைப் பிடுங்கியிருக்கும். ஒரு படத்தை வைத்து ஒரு பிள்ளையின் மனதைப் படிக்க முடியாது. வாரக்கணக்கில் மாற்றம் தெரிந்தால், படத்தோடு சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் மாறினால், அப்போது கவனிக்க வேண்டும். அதுவரை கேட்பது ஒன்றே வழி. "ஏன் சோகமா வரைஞ்சிருக்கே?" என்று கேட்டால் சோகத்தை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் என்ன நடக்குது கண்ணு?" என்றேன்.

"கரண்ட் போயிருச்சு டீச்சர். எல்லாரும் மாடில படுத்திருக்கோம். ஆச்சி கதை சொல்லுது."

"இந்த மஞ்சள்?"

"பூனை. ஆச்சி கால்கிட்ட."

அவள் வாழ்வின் நல்ல இரவுகளில் ஒன்றை முழுக் கறுப்பில் அள்ளி வைத்திருந்தாள்.

*

புதன், இரவு

இன்னொரு படத்தைப் பற்றி எழுதாமல் இந்தப் பக்கத்தை மூட முடியாது.

ஒரு பையன் மஞ்சளை மட்டும் எடுத்திருந்தான். பெரிய வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம், எல்லாம் பளபளக்கும் மஞ்சள். சூரியன் என்று நினைத்தேன். வகுப்பிலேயே சந்தோஷமான படம் இதுதான் என்று சுவரில் ஒட்ட எடுத்துவிட்டேன். முந்தின படத்தில் பட்ட அடியால் கை நின்றது. அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"தாத்தா கண்ணு" என்றான். "மஞ்சக் காமாலை வந்து இப்படி ஆச்சு. அப்புறம் ஆஸ்பத்திரியில இருந்து தாத்தா வரல."

கறுப்புக்கு நான் பதறினேன். மஞ்சளுக்குப் பதறவே இல்லை. மடித்து ஓரமாக வைத்த பட்டியல் என் கண்ணுக்குள் விரிந்தே இருந்திருக்கிறது.

வேறெதுவும் கேட்கவில்லை. தாளின் பின்பக்கம் அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதினேன், தேதி போட்டேன். படித்துக் காட்டினேன். சரி என்று தலையசைத்தான். பள்ளி விட்டதும் அழைத்துப் போக வந்த அவன் அம்மாவிடம், பிள்ளை தாத்தாவை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அவர் சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

சுவரில் ஒட்டலாமா என்று அவனைக் கேட்டிருந்தேன். வேண்டாம் என்றான். நான்காக மடித்து, கணக்கு நோட்டுக்குள் வைத்து, பையை மூடிக்கொண்டான்.