பெய்யாத மழை

காய்ந்த தெருவைப் படம் எடுத்து, அப்போதுதான் மழை ஓய்ந்தது போல் அதைக் கம்ப்யூட்டரில் மாற்றிவிடுகிறார்கள். இது கலையா, பொய்யா? பதில் சொல்லுமுன், காரியம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ரோட்டைக் கறுப்பாக்க வேண்டும். நனைந்த தாரிலிருந்து வெளிச்சம் சிதறித் திரும்புவது குறைவு. அதனால்தான் மழைக்குப் பின் ரோடு கறுத்துத் தெரிகிறது. பிறகு படத்தின் பிரதி ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, விளக்குக் கம்பத்தின் அடியும் கவிழ்ந்த கம்பத்தின் அடியும் ஒட்டும்படி வைக்கிறார்கள். ரோட்டுக்கு வெளியே விழுவதை மறைத்துவிடுகிறார்கள். ஈரத் தாரில் பிம்பத்தை மேலும் கீழுமாகக் கலைத்துவிட்டு, குட்டையில் மட்டும் தெளிவாக விடுகிறார்கள். தூரத்தில் பளபளப்பு மிகுந்தும் காலடியில் குறைந்தும் இருக்க வேண்டும். நேர் மேலிருந்து பார்க்கும்போது தண்ணீர் நூற்றில் 2 பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது.

இவ்வளவு செய்தும் ஓரிடத்தில் குட்டு வெளிப்படும். ரோட்டோரம் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 அடி உயரத்திலிருந்து பார்க்கிற காமிராவுக்கு அதன் ஸீட்டின் மேற்புறம் தெரியும். ஆனால் தண்ணீரில் தெரிகிற பிம்பம், தரைக்கு 5 அடி கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவன் காணும் காட்சி. அதில் ஸீட்டின் அடிப்பக்கமும் மட்கார்டின் உட்புறமுந்தான் இருக்கும். திருப்பிப் போட்ட பிரதியிலோ மேற்புறமே மறுபடியும் வந்து நிற்கும். காமிரா பார்க்காத அடிப்பக்கத்தைப் பிரதி எங்கிருந்து கொண்டுவரும்? குட்டைக்குள் ஸீட்டின் மேற்புறம் தெரிந்தால், அந்தக் குட்டை பொய்.

திறமைசாலி அடிப்பக்கத்தையும் வரைந்து சேர்த்துவிடுவான். அப்போது கண்ணுக்கு அகப்படாது. தர்மத்தின் கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

சினிமாக்காரர்கள் இரவுக் காட்சிக்கு, விளக்குகள் மின்னட்டும் என்று தெருவில் தண்ணீர் அடிக்கிறார்கள். யாரும் ஏமாறுவதில்லை. படம் பார்ப்பவன் அங்கே மழை பெய்ததா என்று கேட்கப் போவதில்லை. 2019 ஜூனில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டு கிடந்தன. லாரித் தண்ணீருக்காக ஜனங்கள் குடங்களோடு காத்திருந்தார்கள். அந்த நாளில் ஒருவன் இப்படி ஒரு படம் செய்து, 'நேற்றைய மழை' என்று கீழே எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தால்? செய்முறை அதேதான். ஆனால் அது அலங்காரமாக இராமல் சாட்சியாகிவிடுகிறது. குடத்தோடு நிற்பவள் அதை நம்புவாள்.

'கொஞ்சம் பளபளப்புத்தானே சேர்த்தேன்' என்று அவன் சொல்லலாம். சேர்த்த அளவு எனக்கு முக்கியமில்லை. படத்தின் கீழே 'ஈரம் பின்னால் சேர்த்தது' என்று அவனே எழுதட்டும். அதன் பிறகும் படம் ரசிக்கத் தக்கதாக இருந்தால் அது கலை. அந்த வரியை எழுத அவன் கை கூசினால், அவன் விற்க வந்தது படத்தை அல்ல, மழையை.